சுருள்வில்லில் துடிப்பின் வேகம்: கணக்கு உதைக்கும்போது எங்கே தேடுவது

நீண்ட சுருள்வில்லைத் தரையில் இழுத்து வைத்து, ஒரு முனையைப் பக்கவாட்டில் வெடுக்கென்று ஆட்டி, துடிப்பு போய்வர ஆகும் நேரத்தை எடுக்கும் சோதனை பார்க்க எளிது. விடைதான் அடிக்கடி காலை வாரிவிடும். வேகம் இரண்டு மடங்கு வருகிறது, வரைபடம் வளைகிறது, இழுவிசையை அளக்கும் தராசு ஒவ்வொரு முறையும் ஒன்றைக் காட்டுகிறது. இவை எல்லாவற்றுக்கும் காரணம் "அளவீட்டுப் பிழை" என்று எழுதி மூடிவிடுவதுதான் வழக்கம். உண்மையில் ஒவ்வொரு தவறும் தனக்கென ஒரு அடையாளத்தை எண்களில் விட்டுச்செல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் காரணத்தைப் பிடித்துவிடலாம்.

ஒப்பிட ஒரு மாதிரி வேண்டும். இங்கே எடுத்துக்கொள்வது சுமார் 1.6 செமீ விட்டமும் ஏறத்தாழ 1550 வளையங்களும் கொண்ட எஃகுச் சுருள்வில். இழுக்காதபோது நீளம் 1.80 மீ, நிறை 0.64 கிகி. ஒரு மீட்டர் கூடுதலாக இழுக்க 3 நியூட்டன் கூடுதலாக வேண்டும்; அதாவது சுருள்வில் மாறிலி k = 3 நியூ/மீ. உங்கள் கையில் இருப்பது வேறு அளவாக இருக்கும். எண்கள் மாறும், அடையாளங்கள் மாறாது.

குறுக்குத் துடிப்பின் வேகத்துக்கான சூத்திரம் இது:

```
v = √(T / μ),   μ = m / L
எனவே  v² = T L / m
```

இதில் v வேகம், T இழுவிசை, m சுருள்வில்லின் நிறை, μ ஒரு மீட்டருக்கான நிறை. L என்பது இழுத்து வைத்திருக்கும்போது இரு முனைகளுக்கும் இடையே உள்ள முழு நீளம், நீட்சி மட்டும் அல்ல. இழுவிசை 3 × (நீளம் - 1.80)-ஐவிட 1.2 நியூட்டன் கூடுதலாக இருப்பதன் காரணம் பின்னால் வரும். எல்லாம் சரியாக இருந்தால் நம் மாதிரிச் சுருள்வில் தர வேண்டியவை இவை:

| நீளம் (மீ) | இழுவிசை (நியூ) | ஒருவழி நேரம் (நொடி) | வேகம் (மீ/நொ) |
|---|---|---|---|
| 3 | 4.8 | 0.632 | 4.74 |
| 4 | 7.8 | 0.573 | 6.98 |
| 5 | 10.8 | 0.544 | 9.19 |
| 6 | 13.8 | 0.528 | 11.37 |

இனி ஒரே ஒரு எண்ணை மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்திலிருந்து கிடைத்த வேகத்தை வைத்து v² × m / L கணக்கிடுங்கள். அது நியூட்டனில் வரும். துடிப்பு "சொல்லும்" இழுவிசை அது. அதைத் தராசு காட்டிய இழுவிசையால் வகுங்கள். கிடைக்கும் விகிதம் 1 ஆக இருக்க வேண்டும். 1 ஆக இல்லாவிட்டால், எவ்வளவு விலகுகிறது என்பதைவிட எப்படி விலகுகிறது என்பதே முக்கியம். எல்லா நீளத்திலும் ஒரே அளவு விலகினால் தவறு ஒரு வகை. நீளம் குறையக் குறைய விலகல் கூடினால் இன்னொரு வகை. துடிப்பு போய்வரும் சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறினால் மூன்றாவது வகை.

ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. 6 மீட்டருக்கு இழுத்த நம் சுருள்வில்லில் சுமார் 31 ஜூல் ஆற்றல் அடைபட்டிருக்கிறது. ஒரு முனை நழுவினால் அது மறுமுனையில் இருப்பவர் முகத்தை நோக்கித்தான் வரும். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். யாரும் பிடியைச் "சும்மா" விடக் கூடாது. நடந்து வந்து தளர்த்திய பிறகே விட வேண்டும்.

## "எவ்வளவு இழுத்தாலும் நேரம் மாறவே மாட்டேன் என்கிறது"

இதைப் பிழை என்று நினைத்துப் பலர் சோதனையையே நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் இது பிழையே இல்லை, சுருள்வில்லின் இயல்பு.

நீளத்தைக் கூட்டும்போது மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இழுவிசை கூடுகிறது. அதே நிறை அதிக நீளத்தில் பரவுவதால் ஒரு மீட்டருக்கான நிறை குறைகிறது. இரண்டுமே வேகத்தைக் கூட்டும். ஆனால் துடிப்பு ஓட வேண்டிய தூரமும் கூடிவிடுகிறது. இழுக்காத நீளம் கிட்டத்தட்டப் பூஜ்யமாக உள்ள, அகலமான, தளர்ந்த சுருள்வில் என்றால் T = kL ஆகிவிடும்; அப்போது ஒருவழி நேரம் √(m/k). அதில் நீளமே இல்லை. எவ்வளவு இழுத்தாலும் துடிப்பு அதே நேரத்தில்தான் போய்ச் சேரும்.

நம் மாதிரி போன்ற ஒடுக்கமான சுருள்வில்லில் நேரம் கொஞ்சம் குறையும். அட்டவணையைப் பாருங்கள்: நீளம் 3 மீட்டரிலிருந்து 6 மீட்டராகும்போது வேகம் 2.4 மடங்காகிறது, ஒருவழி நேரமோ 0.632 நொடியிலிருந்து 0.528 நொடிக்குத்தான் இறங்குகிறது. வித்தியாசம் பத்தில் ஒரு நொடி. கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச்சின் தடுமாற்றமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒருவழி ஓட்டத்தை மட்டும் அளந்தால் இந்த மாற்றம் அந்தத் தடுமாற்றத்துக்குள் மறைந்துவிடும்.

தீர்வு, மூன்று முறை போய்வர விட்டு அளப்பது. அப்போது 3 மீட்டரில் 3.79 நொடியும் 6 மீட்டரில் 3.17 நொடியும் வரும். 0.6 நொடி வித்தியாசத்தைக் கை தவறவிடாது. அதற்குப் பிறகும் நேரம் துளிகூட மாறாமல் நின்றால், அதுவும் நம் சுருள்வில்லில் ஒருவழிக்கு 0.46 நொடி என்றே வந்தால், நீங்கள் வேறொரு அலையை அளக்கிறீர்கள். அதைக் கீழே பார்க்கலாம்.

## "வேகம் இழுவிசையின் வர்க்கமூலமாகப் போகவில்லை, அடுக்கு 0.8 வருகிறது"

அளவீடு சரி, வரைபடம் தவறு. v-யையும் T-யையும் மடக்கை எடுத்து வரைந்தால் சாய்வு 0.5 வரும் என்று எதிர்பார்ப்பது, ஒரு மீட்டருக்கான நிறை மாறாத கம்பிக்குத்தான் பொருந்தும். சுருள்வில்லில் இழுவிசையை மாற்ற ஒரே வழி அதை இழுப்பது. இழுத்தால் μ குறைந்துவிடும். நம் அட்டவணையில் 3 மீட்டருக்கும் 6 மீட்டருக்கும் இடையே இழுவிசை 2.875 மடங்காகிறது, வேகம் 2.40 மடங்காகிறது. அதிலிருந்து கிடைக்கும் அடுக்கு 0.83. இந்த எண்ணில் இயற்பியல் விதி எதுவும் இல்லை. வேறு சுருள்வில்லிலோ வேறு நீள வரம்பிலோ வேறு எண் வரும். அதை 0.5-க்கு "அருகில்" என்று அறிக்கையில் எழுதுவதுதான் மோசமான முடிவு.

வரைய வேண்டியது, கிடைமட்ட அச்சில் T × L / m, செங்குத்து அச்சில் v². அது மூலப்புள்ளி வழியே சாய்வு 1 உள்ள நேர்கோடாக வரும். ஒவ்வொரு நீளத்துக்கும் μ-வைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். 4 மீட்டரில் 0.160 கிகி/மீ, 6 மீட்டரில் 0.107. முதல் வரிசையில் கணக்கிட்ட μ-வைக் கீழே உள்ள எல்லா வரிசைக்கும் இழுத்து நிரப்பிவிடுவது விரிதாளில் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்படி நடந்திருந்தால் முதல் புள்ளியில் விகிதம் 1 ஆகவும், நீளம் இரட்டிக்கும்போது சரியாக 2 ஆகவும் இருக்கும். விகிதம் நீளத்தோடு சேர்ந்து ஏறினால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இழுவிசையை மாற்றாமல் μ-வை மட்டும் மாற்றிப் பார்க்க ஆசைப்பட்டால், ஒரே மாதிரியான இரண்டு சுருள்வில்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒன்றாகக் கட்டி இழுக்கலாம். ஆனால் அதே நீளத்தில் இழுவிசையும் இரட்டிக்கும்; μ-வும் இரட்டிக்கும்; வேகம் அப்படியே இருக்கும். வேகம் T, μ என்ற இரண்டின் விகிதத்தைத்தான் பார்க்கிறது என்பதற்கு நல்ல சான்று, செய்யவும் ஐந்து நிமிடம்தான்.

## "விகிதம் எல்லா நீளத்திலும் ஒரே மாதிரி தப்பாக வருகிறது"

நீளத்தைச் சாராத விலகல் என்றால் தராசையோ உராய்வையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒரு பெருக்குக் காரணி எங்கோ தவறியிருக்கிறது. எண்ணே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

விகிதம் 0.25 என்றால் தூரத்தைப் பாதியாக எடுத்திருக்கிறீர்கள். போய்வரும் நேரத்தை அளந்துவிட்டு L-ஐ மட்டும் வகுத்தால் வேகம் பாதியாகும், அதன் வர்க்கம் கால்பங்காகும். 4 என்றால் அதன் தலைகீழ்.

விகிதம் 2.25 அல்லது 1.78 என்றால் எண்ணுவதில் பிழை. துடிப்பை அனுப்பும் கணத்தில் "ஒன்று" என்று தொடங்கினால், "மூன்று" சொல்லும்போது இரண்டு சுற்றுதான் முடிந்திருக்கும். வேகம் 3/2 மடங்கு, வர்க்கம் 2.25. "நான்கு" வரை எண்ணியிருந்தால் 4/3-இன் வர்க்கம், 1.78. தொடக்கத்தில் "பூஜ்யம்" என்று வாய்விட்டுச் சொல்வதுதான் இதற்கு மருந்து.

விகிதம் 1.1-ஐச் சுற்றி வந்தால் கைகளைப் பாருங்கள். முனையில் உள்ள வளையங்களை முஷ்டிக்குள் அள்ளிப் பிடிப்பது பலருக்கும் பழக்கம். நெருங்கி அடுக்கிய வளையம் ஒவ்வொன்றும் சுமார் 1.15 மிமீ தடிப்பு. ஒரு முஷ்டிக்குள் 80 வளையம் போய்விடும். இரு முனையிலும் சேர்த்து 160 வளையம், அதாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த நிறை துடிப்போடு அசைவதில்லை. நீங்களோ முழு 0.64 கிகி போட்டுக் கணக்கிடுகிறீர்கள். 1/0.9 = 1.11. ஒவ்வொரு முறையும் பிடி மாறினால் விகிதமும் தாறுமாறாகத் துள்ளும். கடைசி வளையத்தில் மட்டும் கொக்கியோ வளையமோ போட்டுப் பிடியுங்கள். வேண்டுமென்றே வளையங்களை ஒதுக்குவதானால் எத்தனை என்று எண்ணி, நிறையை அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். இழுவிசையை மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் குறைந்த வளையம் அதே நீளத்துக்கு அதிக விசை கேட்கும்.

கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்து நேரம் பார்த்தவர்களுக்கு விகிதம் 1/64 போன்ற அபத்தமான எண் வரலாம். நொடிக்கு 240 சட்டம் எடுத்து 30 சட்டமாக ஓட்டினால் திரையில் காட்டும் நேரம் 8 மடங்கு நீண்டது. சில கைப்பேசிகள் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் மெதுவாக்கும். அப்போது காரணி 8 கூட இல்லை, இடையில் எதுவாகவும் இருக்கும். ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்று சட்டத்துக்குள் தெரியும்படி வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

## "ஒரு சுற்று அளந்தால் ஒரு வேகம், மூன்று சுற்று அளந்தால் வேறு வேகம்"

இது கடிகாரத்தைத் தொடங்கும் விதத்தில் உள்ள சிக்கல். நண்பரின் கை ஆட்டும் கணத்தில் பொத்தானை அழுத்தும்போது கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அசைவதற்குள் 0.2 நொடி போய்விடும். முடிவில் நிலைமை வேறு. துடிப்பு வருவது தெரிகிறது, விரல் காத்திருந்து சரியான நேரத்தில் அழுத்துகிறது. தொடக்கம் மட்டும் தாமதமாகும், முடிவு தாமதமாகாது. அதனால் அளந்த நேரம் எப்போதும் குறைவாகவே வரும். பத்து முறை செய்து சராசரி எடுத்தாலும் இது போகாது. சராசரி சீரற்ற தடுமாற்றத்தைத்தான் குறைக்கும்.

4 மீட்டரில் எடுத்த ஒரு தொகுதியைப் பாருங்கள்:

| சுற்று | அளந்த நேரம் (நொடி) | வேகம் (மீ/நொ) | விகிதம் |
|---|---|---|---|
| 1 | 0.95 | 8.42 | 1.45 |
| 2 | 2.09 | 7.66 | 1.20 |
| 3 | 3.24 | 7.41 | 1.13 |

சுற்று கூடக் கூட விகிதம் 1-ஐ நோக்கி இறங்குகிறது. நிலையான ஒரு நேரம் எங்கோ கழிந்துபோகிறது என்பதற்கு இதுதான் அடையாளம். நேரத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிராக வரைந்தால் கோட்டின் சாய்வு ஒரு சுற்றுக்கு 1.145 நொடி, அது செங்குத்து அச்சை வெட்டும் இடம் -0.20 நொடி. சாய்வுதான் உண்மையான போய்வரும் நேரம். 8 மீட்டரை 1.145-ஆல் வகுத்தால் 6.99 மீ/நொ, விகிதம் 1.00.

இந்த வரைபடம் எண்ணிக்கைப் பிழையையும் பிடித்துவிடும். "ஒன்று" என்று தொடங்கியவர்களுக்கும் கோடு அச்சைக் கீழேதான் வெட்டும், ஆனால் -0.2-இல் அல்ல, சரியாக ஒரு சுற்றின் நேரமான -1.15 நொடிக்கு அருகில். எனவே எந்தக் குழுவிடமும் முதலில் கேட்க வேண்டியது இந்த வரைபடத்தைத்தான்.

மறுபடி அளக்க நேரம் இருந்தால், அனுப்பும் கணத்தை விட்டுவிடுங்கள். துடிப்பு முதல் தடவை திரும்பி வந்து உங்கள் முனையைத் தொடும் கணத்தில் "பூஜ்யம்" சொல்லிக் கடிகாரத்தைத் தொடங்கி, அதற்குப் பிறகு அதே முனையை மூன்றாவது முறை தொடும்போது நிறுத்துங்கள். தொடக்கமும் முடிவும் ஒரே மாதிரி நிகழ்வாகிவிடுவதால் விரலின் தாமதம் இரண்டு பக்கமும் சமமாகிக் கழிந்துவிடும்.

துடிப்பு ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் 25 செமீ தள்ளி 0.1 நொடிக்குள் தரையில் போட்ட குறிக்குத் திருப்பினால் 4 மீட்டரில் துடிப்பின் அகலம் சுமார் 0.7 மீ. சோம்பலாக 0.3 நொடி எடுத்து ஆட்டினால் 2 மீட்டருக்கு மேல் பரவி, சுருள்வில்லின் பாதியையே நிரப்பிவிடும். அது எப்போது "வந்து சேர்ந்தது" என்று யாராலும் சொல்ல முடியாது. ஆட்டிய கை குறிக்குத் திரும்பி அங்கேயே அசையாமல் நிற்கவும் வேண்டும்.

## "அதே குறியில் தராசு ஒருமுறை 6.9 காட்டுகிறது, ஒருமுறை 8.7"

தரை உராய்வின் வேலை. இழுவிசை சுருள்வில் முழுக்க ஒன்றுதான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். தரையில் கிடக்கும் சுருள்வில்லில் அது உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால் 0.64 கிகி சுருள்வில்லைத் தரை பிடித்து நிறுத்தக்கூடிய அதிகபட்ச விசை 0.3 × 0.64 × 9.8, ஏறத்தாழ 1.9 நியூட்டன். இழுத்துக்கொண்டே போய்க் குறியில் நிறுத்தினால் உங்கள் கைப்பக்கம் இறுக்கமாகவும் மறுமுனை தளர்வாகவும் இருக்கும். தராசு அதிகம் காட்டும். குறியைத் தாண்டி இழுத்துப் பின்னால் வந்து நிறுத்தினால் தலைகீழாகும். தராசு குறைவாகக் காட்டும். 7.8 நியூட்டனைச் சுற்றி முக்கால் முதல் ஒரு நியூட்டன் வரை இரு பக்கமும் ஆடுவது அதனால்தான்.

கண்ணாலேயே இதைப் பார்க்கலாம். குனிந்து ஒரு அளவுகோலைச் சுருள்வில்லின் அருகில் வைத்து 10 செமீ நீளத்தில் எத்தனை வளையம் என்று இரு முனைகளிலும் எண்ணுங்கள். 4 மீட்டரில் சீராக இருந்தால் இரு பக்கமும் 39 வரும். உராய்வு பிடித்திருந்தால் இறுக்கமான முனையில் 36-ம் தளர்வான முனையில் 42-ம் வரும். இடைவெளியின் வித்தியாசம் நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, எண்ணினால் தப்பாது.

சரிசெய்ய, சுருள்வில்லை இரண்டு மூன்று இடங்களில் சற்றுத் தூக்கி விடுங்கள், அல்லது ஐந்தாறு துடிப்புகளை அனுப்பி அடங்கவிடுங்கள். வளையங்கள் தாமாகவே நகர்ந்து இழுவிசை சமமாகிவிடும். தராசை அதன் பிறகு படியுங்கள். வரிசை முக்கியம்: தராசைப் படித்துவிட்டுத் துடிப்பு அனுப்பினால், படித்த இழுவிசை ஒன்று, துடிப்பு ஓடிய இழுவிசை வேறொன்று. குறைந்த நீளத்தில்தான் இது அதிகம் கடிக்கும். 3 மீட்டரில் மொத்த இழுவிசையே 4.8 நியூட்டன், ஒரு நியூட்டன் தவறினால் விகிதம் ஐந்தில் ஒரு பங்கு பிறழும்.

நீளத்தைக் கூட்டிக்கொண்டே போய், பிறகு குறைத்துக்கொண்டே வந்து எடுத்த இரு தொகுதிகளும் ஒத்துப்போகாததற்கும் பாதி நேரம் இதுதான் காரணம். மீதிப் பாதி, மீள் எல்லையைத் தாண்டி இழுத்திருப்பது. பிரித்தறிய எளிய வழி உண்டு. சுருள்வில்லைக் கழற்றி இழுக்காத நீளத்தை மறுபடி அளந்து பாருங்கள். 1.80 மீட்டர் இப்போது 1.90 ஆக இருந்தாலோ, வளையங்களுக்கிடையே வெளிச்சம் தெரிந்தாலோ, அது இனி பழைய சுருள்வில் அல்ல. முன்பு எடுத்த இழுவிசை அளவுகளை விட்டுவிட்டு, ஆரம்பத்திலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

## "அதிக நீளத்தில் சரி, குறைந்த நீளத்தில் விகிதம் ஏறுகிறது"

இங்கே விகிதத்தை விட்டுவிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். v² m / L-இலிருந்து உங்கள் இழுவிசையைக் கழியுங்கள். நீளம் எதுவானாலும் அந்த வித்தியாசம் ஒரே எண்ணாக இருந்தால், ஒரு நிலையான விசை கணக்கில் விடுபட்டிருக்கிறது. அது எவ்வளவு என்பதே காரணத்தைச் சொல்லும்.

0.2, 0.3 நியூட்டன் அளவில் இருந்தால் தராசின் பூஜ்யம். செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படிக்கச் செய்த சுருள்வில் தராசைக் கிடைமட்டமாகப் பிடிக்கும்போது அதன் சொந்தக் கொக்கியின் எடை உள்ளிருக்கும் சுருளை இழுப்பதில்லை. முள் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போய்விடும்; எல்லா அளவும் அந்த அளவு குறையும். கிடைமட்டமாகப் படுக்க வைத்த நிலையிலேயே பூஜ்யத்தைத் திருத்துங்கள்.

ஒரு நியூட்டனுக்கு மேல், நம் மாதிரியில் 1.2 நியூட்டன் என்றால், நீங்கள் தராசைப் பயன்படுத்தாமல் T = k × (நீளம் - 1.80) என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். வளையங்கள் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும்படி சுற்றப்பட்ட சுருள்வில் இது. அவற்றை முதலில் பிரிப்பதற்கே ஒரு விசை வேண்டும். அதுவரை நீளம் அசையாது. இழுவிசையை நீளத்துக்கு எதிராக வரைந்தால் கோடு நீள அச்சை 1.80-இல் வெட்டாமல் 1.40 மீட்டரில் வெட்டும். கணக்கில் போட வேண்டியது அந்த 1.40-ஐத்தான். இதை விட்டால் 3 மீட்டரில் விகிதம் 1.33 ஆகவும் 6 மீட்டரில் 1.10 ஆகவும் வரும்.

வித்தியாசம் 4.2 நியூட்டன் என்று பெரிதாக இருந்தால், அளந்தது குறுக்குத் துடிப்பையே அல்ல. கையை ஆட்டும்போது சுருள்வில் நீளவாக்கிலும் கொஞ்சம் இழுபடும்; அதிலிருந்து ஒரு நெட்டலைத் துடிப்பு கிளம்பி முன்னால் ஓடிவிடும். அதன் வேகம் L√(k/m); ஒருவழி நேரம் எந்த நீளத்திலும் √(m/k), நம் மாதிரியில் 0.46 நொடி. 4 மீட்டரில் குறுக்குத் துடிப்பு 0.57 நொடியில்தான் வரும். மறுமுனையைப் பிடித்திருப்பவர் கையில் ஒரு சின்ன "டக்" உணர்ந்தவுடன் கடிகாரத்தை நிறுத்தினால் அது நெட்டலையின் நேரம். நேரம் நீளத்தோடு மாறவே இல்லை என்ற புகாரும் இதோடு சேர்ந்தே வரும். கையால் உணர்வதை விட்டு, மேடு பக்கவாட்டில் முனையைத் தொடுவதைக் கண்ணால் பார்த்து நிறுத்துங்கள். ஆட்டும்போது கையைச் சுருள்வில்லுக்குச் செங்குத்தாக மட்டும் அசையுங்கள்.

## "துடிப்பு இரண்டாவது சுற்றுக்குள் செத்துவிடுகிறது" அல்லது "அதே பக்கத்தில் திரும்பி வருகிறது"

சீக்கிரம் அடங்கினால் தரை சொரசொரப்பாக இருக்கிறது, இல்லையென்றால் இழுவிசை போதவில்லை. வழவழப்பான தரைக்கு மாறுங்கள், நீளத்தை 4 மீட்டருக்கு மேல் வையுங்கள். ஓங்கி ஆட்டுவது தீர்வல்ல. பெரிய மேடு சுருள்வில்லைக் கூடுதலாக நீட்டி இழுவிசையைத் தற்காலிகமாக ஏற்றும், வேகமும் சற்று ஏறும். தரையிலிருந்து தூக்கிக் காற்றில் பிடித்தால் நடுவில் தொய்ந்து நீளமும் இழுவிசையும் இடத்துக்கு இடம் மாறும். மேலும் கீழும் ஆடத் தொடங்கினால் மேட்டையே காண முடியாது.

இடப்பக்கம் மேடாகப் போன துடிப்பு, அசையாத முனையில் மோதினால் வலப்பக்க மேடாகத் திரும்ப வேண்டும். அதே பக்கமாகத் திரும்பினால் அந்த முனை அசைகிறது. பெரும்பாலும் சுருள்வில்லுக்கும் பிடிக்கும் இடையே நீளமான நூல் கட்டியிருப்பார்கள். இலேசான நூலால் முனையைப் பிடித்து நிறுத்த முடியாது. இன்னொரு காரணம், துடிப்பு ஓடும்போதும் சுருள்வில் தராசை மாட்டியே வைத்திருப்பது. தராசு பக்கவாட்டில் ஆடி மேட்டைக் கொஞ்சம் விழுங்கிவிடும். இழுவிசையைப் படித்தவுடன் தராசைக் கழற்றி, கடைசி வளையத்தை அதே குறியில் கனமான மேசைக் காலிலோ இடுக்கியிலோ நேரடியாக இறுக்குங்கள். மாற்றும்போது குறி 5 செமீ நகர்ந்தால் 4 மீட்டரில் இழுவிசை 0.15 நியூட்டன், அதாவது 2 விழுக்காடு மாறும். எனவே தரையில் ஒட்டுநாடாவால் குறி போட்டு, இறுக்கிய பிறகு நீளத்தை மறுபடி ஒருமுறை அளந்து, கணக்கில் அந்த நீளத்தையே போடுங்கள்.